நம்ம குரூப், கமெண்ட் ரூல்ஸ் – எல்லாரும் ஒருக்கா படிச்சிடுங்க

வணக்கம்ங்க. நம்ம காங்கேயம் செக்கெண்ணெய் கடையோட ஃபேஸ்புக் பேஜ், குரூப், வாட்ஸ்அப் குரூப் மூணுக்கும் வர்ற திங்கக்கெழமைல இருந்து இதுதான் ரூல்ஸ்.

எண்ணெய் சரியில்ல, பாட்டில் ஒழுகுது, வெல ஜாஸ்தின்னு நீங்க எழுதுறத நாங்க அழிக்கவே மாட்டோம். பேட்ச் நம்பரோட போட்டோ போடுங்க, ஒரு நாளைக்குள்ள அங்கயே பதில் வரும், ஞாயித்துக்கெழமன்னா மறுநாள். போன் நம்பர், அட்ரஸ் மட்டும் கமெண்ட்ல வேண்டாம், இன்பாக்ஸ்ல அனுப்புங்க.

போன மார்கழில ஒரு அக்கா தேங்காயெண்ணெய் வெள்ளையா கட்டியாயிருச்சு, மெழுகு கலந்திருக்கீங்களான்னு கேட்டாங்க. சுமார் 24 டிகிரிக்கு கீழ போனா அது உறையத்தான் செய்யும், சுடுதண்ணில பாட்டில வச்சா உருகிரும்னு சொல்லிருந்தா முடிஞ்சது, ஆனா சமையக்கட்டு பக்கமே போனதில்லையான்னு ஆளாளுக்கு கிண்டல் பண்ணி அவங்க குரூப்ப விட்டே போயிட்டாங்க. அத அப்பவே தூக்காதது எங்க தப்பு, இன்னும் மனசுக்கு கஷ்டமா இருக்கு. இனி கேள்வி கேட்டவங்கள மட்டம் தட்டுற கமெண்ட் நிக்காது, எழுதினவங்க பத்து வருஷ கஸ்டமரா இருந்தாலும் சரி.

அடுத்தது வைத்தியம். நல்லெண்ணெய் குடிச்சு சக்கர கொறஞ்சுது, மாத்திரைய நிறுத்திட்டேன்னு எழுதினா, எங்கள புகழ்ந்தே எழுதினாலும் எடுத்துருவோம். சக்கர நோய் தீரும்னு மருந்து விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு 1954லயே சட்டம் வந்திருச்சு, அதவிட, அத படிச்சு இன்னொருத்தர் மாத்திரைய விட்டுட்டா யாருங்க பொறுப்பு?

ஜாதி, மதம், கட்சி இழுத்து திட்டுறது, பொம்பளைங்களுக்கு இன்பாக்ஸ்ல தொல்லை குடுக்கறது, ரெண்டுக்கும் வார்னிங் கெடையாது, நேரா வெளிய. மத்த கடை பேர சொல்லி வெல ஒப்பிடலாம், ஆனா கலப்படம்னா லேப் ரிப்போர்ட் வேணும், எங்க எண்ணெயப் பத்தின புகாருக்கு அது தேவையில்ல, சோதிச்சு காட்டுறது எங்க வேல.

நம்ம லோகோவ வச்சுக்கிட்டு ரீஃபண்ட் தர்றோம்னு ரிப்ளை போடுற ஃபேக் ஐடிங்க சுத்துதுங்க. பணம் வர்றதுக்கு யுபிஐ பின் போடவே தேவையில்ல, நாங்க ஓடிபியும் கேக்க மாட்டோம். ஏமாந்துட்டீங்கன்னா வெக்கப்படாம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, அப்புறம் எங்களுக்கும் சொல்லுங்க.

மத்த தப்புக்கு மொத தடவ கமெண்ட்ட எடுத்துட்டு காரணத்த இன்பாக்ஸ்ல சொல்லுவோம், ரெண்டாவது தடவ ஏழு நாள் மியூட், மூணாவதுக்கு குரூப்ல இருந்து நீக்கம். முடிவு தப்புன்னு தோணுனா எழுதுங்க, அட்மின் மூணு பேர்ல அந்த முடிவ எடுக்காத ஒருத்தர் பாப்பாங்க. எங்க ஸ்டாஃப் யாரு கமெண்ட் போட்டாலும் கடை ஆளுன்னு சொல்லித்தான் போடணும், வேற ஐடில வந்து நம்மள நாமே புகழ்ந்துக்கறதுக்கும் இங்க எடமில்ல.