பொருள்: டாக்குமென்டேஷன் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கான ஆஃபர் – இன்ஷூரன்ஸ், லீவு, பி.எஃப். பற்றிச் சில கேள்விகள்

வணக்கம் மேடம்,

நேற்று மாலை ஆஃபர் லெட்டரும் சம்பள விவர இணைப்பும் கிடைத்தன. மிக்க நன்றி. ராஜாஜி சாலை ஆபீஸ், கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கத்திலேயே வேலை, இப்போதைய சம்பளத்தைவிட நல்ல ஏற்றம். இந்த வேலையில் சேர எனக்கு உண்மையாகவே விருப்பம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களில் எனக்குத் தெளிவு வேண்டும். போனில் கேட்டால் இருவருக்கும் மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மருத்துவ இன்ஷூரன்ஸ். எனக்கு மிக முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இப்போது என் மொத்தச் சம்பளம் 20,500 ரூபாய். 21,000 வரம்புக்குள் வருவதால் இ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதம் 154 ரூபாய்தான் பிடிக்கிறார்கள், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் வைத்தியம் அதில்தான் நடக்கிறது. அப்பா ஹார்பரில் லோடு வேலை பார்த்து ஓய்ந்தவர், பென்ஷன் கிடையாது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மாவுக்குச் சுகர், பிரஷர். இருவருக்கும் மாத்திரை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில்தான் வாங்குகிறோம். பெரிதாக ஏதாவது என்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. உங்கள் ஆஃபரில் மொத்தச் சம்பளம் 33,300 ரூபாய் என்பதால் இனி இ.எஸ்.ஐ.க்குள் வர முடியாது. அந்த இடத்தை உங்கள் குரூப் இன்ஷூரன்ஸ் எவ்வளவு நிரப்பும் என்பதுதான் என் கேள்வி.

இணைப்பில் இன்ஷூரன்ஸுக்காக மாதம் 851 ரூபாய் என் சி.டி.சி.யில் கணக்கிடப்பட்டிருக்கிறது. "குடும்பத்துக்கு 3 லட்சம்" என்று போனில் சொன்னீர்கள். அந்தக் குடும்பத்தில் அப்பா, அம்மா உண்டா, இல்லை மனைவியும் பிள்ளைகளும் மட்டுமா? பெற்றோரைத் தனியாகச் சேர்க்கலாம் என்றால் அதற்கு நான் எவ்வளவு கட்ட வேண்டும்? ஸ்டென்ட், சுகர் போல ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா, காத்திருக்க வேண்டுமா? பெற்றோர் பில்லில் இத்தனை சதவீதம் நாமே கட்ட வேண்டும் என்று கோ-பே இருக்கிறதா?

அப்புறம், என் மனைவிக்கு இன்னும் நான்கு மாதத்தில் பிரசவம். மகப்பேறு செலவுக்கு ஒன்பது மாதக் காத்திருப்பு இருந்தால் அது எங்களுக்குப் பயன்படாது. அப்படி இருக்கிறதா என்று பாலிசியில் பார்த்துச் சொல்லுங்கள். நார்மல், சிசேரியன் இரண்டுக்கும் எவ்வளவு வரை தருவார்கள், குழந்தை பிறந்த நாளிலிருந்தே சேர்க்கப்படுமா என்பதும் தெரிய வேண்டும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பதையும் கேட்கிறேன். 3 லட்சத்தில் 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய்தான். அதைவிடக் கூடுதலான அறையில் தங்கினால் டாக்டர் ஃபீஸ் உள்பட மற்ற செலவிலும் அதே விகிதத்தில் பிடித்துவிடுகிறார்கள் என்று நண்பர்கள் பட்டுச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கேஷ்லெஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலையும் அனுப்புங்கள். நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஓ.எம்.ஆர். வரை போக முடியாது. ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் எது இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கவர் சேரும் நாளிலிருந்தா, ஆறு மாத புரொபேஷன் முடிந்த பிறகா என்பதும் முக்கியம். முடிந்தால் பாலிசிச் சுருக்கத்தையே அனுப்பிவிடுங்கள், நானே படித்துக்கொள்கிறேன்.

அடுத்தது பி.எஃப். "வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கையில் கூடுதலாக வரும்" என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், ஆனால் நான் ஏற்கனவே உறுப்பினர், யு.ஏ.என். இருக்கிறது, அதனால் விலக முடியாது. விலகும் விருப்பமும் இல்லை. ஆறு வருட சர்வீஸ் ஆகிவிட்டது. பத்து வருடம் நிறைந்தால்தான் மாதப் பென்ஷனுக்குத் தகுதி. அதோடு சேர்ந்து வரும் இ.டி.எல்.ஐ. காப்பீட்டில், வேலையில் இருக்கும்போது எனக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். கையில் கூலி வாங்கிய காலமெல்லாம் போன பிறகு அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

என் சந்தேகம் தொகையில்தான். இப்போது அடிப்படைச் சம்பளம் 13,500, அதில் 12 சதவீதம் 1,620 பிடிக்கிறார்கள். உங்கள் ஆஃபரில் அடிப்படை 11,000, வீட்டு வாடகைப்படி 5,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 16,800. பி.எஃப். 1,320தான். சம்பளம் 12,800 ரூபாய் கூடும்போது பி.எஃப். 300 ரூபாய் குறைகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியும் ஊதியமாகவே சேரும். அந்தக் கணக்கில் 15,000 உச்சவரம்புக்கு 1,800 ரூபாய் வர வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் பேரோல் பிரிவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? என் பங்கு கூடுவதால் கையில் வருவது 480 ரூபாய் குறையும், அதில் எனக்கு வருத்தமில்லை. நிறுவனப் பங்கு கூடும்போது அதை சி.டி.சி.க்குள் வேறு எதிலாவது குறைப்பீர்களா என்பதை மட்டும் தெளிவாக்குங்கள்.

கடைசியாக லீவு. லெட்டரில் "புரொபேஷனில் லீவு இல்லை, பிறகு மாதம் ஒரு நாள்" என்று இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 முதல் வருடத்திலேயே 12 நாள் கேஷுவல் லீவும் 12 நாள் சிக் லீவும் தருகிறது. ஒரு வருடம் முடிந்தால் சம்பளத்தோடு இன்னொரு 12 நாள். லெட்டரில் உள்ளது சுருக்கமாக எழுதப்பட்டதா, இல்லை அதுதான் முழுக் கொள்கையா? பிரசவ நேரத்தில் எனக்கு ஒரு வாரமாவது லீவு தேவைப்படும். புரொபேஷனில் இருப்பேன் என்பதால் அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். கப்பல் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வர வேண்டியிருந்தால் வருவேன், பதில் விடுமுறை உண்டா என்று தெரிந்தால் நல்லது.

இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் நின்று வெளியே கால் வைக்க முடியவில்லை. அப்படிப்பட்ட நாட்களைச் சம்பளமில்லாத லீவாகப் பிடிப்பீர்களா?

இப்போதைய நிறுவனத்தில் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உங்கள் பதில் புதன்கிழமைக்குள் மெயிலில் வந்தால், வீட்டில் பேசிவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவேன். ஏதாவது ஒன்றுக்கு நிர்வாகத்திடம் அனுமதி வாங்க நேரமாகும் என்றால், கடைசித் தேதியை அடுத்த திங்கள் வரை நீட்டித்துத் தாருங்கள். மாலை ஆறரை மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
சரவணன்
தண்டையார்பேட்டை, சென்னை