108 மீட்டர் வகுப்பறைக் கட்டடம்: விரிவு இணைப்புகள் குறித்து நிவேதாவுக்கு

நிவேதா,

கோயம்புத்தூர் கல்லூரிக் கட்டடத்துக்கு நீங்கள் அனுப்பிய வரைபடங்களைப் பார்த்தேன். 108 மீட்டர் நீளத்தை 45, 45, 18 என்று பிரித்து, இரண்டு இடங்களிலும் 25 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறீர்கள். கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456:2000 தன் 27ஆம் பிரிவில், 45 மீட்டரைத் தாண்டும் கட்டடங்களுக்கு வழக்கமாக விரிவு இணைப்பு தேவை என்கிறது. எங்கே வெட்டுவது என்பதை அந்த எண் சொல்லாது. கட்டடத்தை எது பிடித்து நிறுத்துகிறது என்று பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நகர்வைக் கணக்கிடுங்கள்.

ΔL = α × L × ΔT

கான்கிரீட்டின் வெப்ப விரிவுக் கெழுவான α-வை 10 × 10⁻⁶ என்றும், வெப்பநிலை மாற்றத்தை 25 டிகிரி என்றும் கொண்டால், வெட்டாத 108 மீட்டர் கட்டடம் 27 மி.மீ. நீளும், ஒவ்வொரு முனையும் 13.5 மி.மீ. வெளியே தள்ளும். அஸ்திவாரம் மண்ணுக்குள் அசையாமல் இருக்கும், முதல் தளம் நகரும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது தரைத்தளத் தூண்கள்தான், அதிலும் முனைத் தூண்கள். 36 மீட்டர் பகுதிகளாக வெட்டினால் முனை நகர்வு 4.5 மி.மீ. ஆகக் குறையும், தூணின் வளைவுத் திருப்பமும் அதே விகிதத்தில் மூன்றில் ஒரு பங்காகும். கான்கிரீட் உலர்ந்து சுருங்குவதையும் சேர்த்துப் பாருங்கள். விதிநூலின் 0.0003 மதிப்பில் 36 மீட்டருக்கு அது ஏறத்தாழ 11 மி.மீ.; இடைவெளி அந்த அளவுக்கு அகலும்.

உங்கள் வரைபடத்தில் எனக்கு உண்மையான கவலை தருவது முதல் 45 மீட்டர் பகுதி. அதன் இரு முனைகளிலும் படிக்கட்டைச் சுற்றிக் கான்கிரீட் சுவர்கள் நிற்கின்றன. இரண்டு பக்கமும் இப்படிப் பிடித்துக்கொண்டால் நடுவிலுள்ள ஸ்லாப் விரியவும் முடியாது, சுருங்கவும் முடியாது. பக்கத்தில் எவ்வளவு நல்ல இணைப்பு வைத்தாலும் அந்தப் பகுதிக்குப் பயனில்லை. விரிசல் ஸ்லாபின் நடுவில் விழும். விறைப்பான சுவர்கள் ஒவ்வொரு பகுதியின் மையத்தை ஒட்டி இருக்கட்டும், முனைகள் தாராளமாக நகரட்டும். ஒரு படிக்கட்டை உள்ளே தள்ள முடியுமா என்று கட்டடக் கலைஞரிடம் இந்த வாரமே பேசுங்கள். முடியாவிட்டால் அதைச் சட்டகத் தூண்களில் நிறுத்திவிட்டுக் கான்கிரீட் சுவரை எடுத்துவிடுங்கள். 18 மீட்டர் துண்டும் வேண்டாம். அதன் ஓரத்தில் லிஃப்ட் சுவர் இருப்பதால் நிலநடுக்கத்தில் அது முறுக்கிக்கொள்ளும். 36, 36, 36 என்று வைத்தால், 9 மீட்டர் வகுப்பறைகள் நான்கு நான்காக முழுசாக அமைந்து, இணைப்பு இரு வகுப்பறைகளுக்கு இடையிலான சுவரில் விழும். உங்கள் 90 மீட்டர் வெட்டு கழிப்பறைக்குள் போகிறது. ஈரம் நிற்கும் இடத்தில் இணைப்பு ஒருபோதும் வேண்டாம்.

இடைவெளியின் அகலத்துக்கு வருகிறேன். வெப்பத்துக்கு மட்டும் 25 மி.மீ. போதும். ஆனால் கோயம்புத்தூர், நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893:2016-இன்படி மூன்றாம் மண்டலம். உங்கள் பகுப்பாய்வில் மேல்தளம் நீளவாக்கில் 6 மி.மீ. நகர்கிறது. நிலநடுக்க விசைக் குறைப்புக் காரணி R = 5 என்றால், இரு பக்கப் பகுதிகளின் நகர்வையும் கூட்டி 5 × (6 + 6) = 60 மி.மீ. தளங்கள் ஒரே மட்டத்தில் இருப்பதால் விதி கொஞ்சம் தளர்வு தருகிறது. நான்கு தளக் கட்டடத்தில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. 60 வையுங்கள்.

இணைப்பில் இரட்டைத் தூண்கள், தனித்தனி பீம்கள். அஸ்திவாரம் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு கம்பிகூட இடைவெளியைக் கடக்கக் கூடாது. சுவர், பூச்சு, தரை ஓடு, கைப்பிடிச் சுவர், குழாய் எல்லாம் அதே கோட்டில் அறுபட வேண்டும். தூண்களுக்கு நடுவே வைக்கும் தெர்மோகோலை அடுத்த தளம் போடும் முன் எடுத்துவிடச் சொல்லுங்கள். உள்ளே விழும் கலவைக் கட்டி ஒன்று போதும், இரண்டு பகுதிகளும் அங்கே முட்டிக்கொள்ளும். ஷட்டரிங் பிரித்ததும் டார்ச் அடித்து மேலிருந்து கீழ்வரை நீங்களே பாருங்கள்.

மொட்டை மாடியில் இருபுறமும் 150 மி.மீ. கரை எழுப்பி, நீர்க்காப்பை அதன் மேல்வரை ஏற்றி, இடைவெளிக்குள் தொய்வாக ஒரு மடிப்பு விடுங்கள். மூடும் தகட்டை ஒரு பக்கம் மட்டுமே திருகுங்கள். இரு பக்கமும் திருகினால் முதல் கோடையிலேயே திருகு பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் இணைப்பை நோக்கி ஓடாதபடி சாய்வு இரு பக்கமும் விலகிப் போகட்டும். தாழ்வாரத் தரையில் 60 மி.மீ.க்கு சீலன்ட் தாங்காது, அலுமினியத் தகட்டு மூடியைக் காட்டுங்கள். வெளிச்சுவரில் குறுகிய இடங்களில் சீலன்ட் போட்டால் ஆழம் அகலத்தில் பாதி. பின்னால் நுரைக்கயிறு வைத்தால்தான் அது இரு பக்கம் மட்டும் ஒட்டி நீளும்.

திருத்திய தள வரைபடத்தோடு, இணைப்பின் வெட்டுத் தோற்றத்தை மொட்டை மாடி, தாழ்வாரம், வெளிச்சுவர் என மூன்று இடங்களுக்கும் 1:5 அளவில் தனியாக வரைந்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
சண்முகம்