பொருள்: 17 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி – பயிற்சி, தெரிவுப் போட்டி நேரங்கள்

அன்பான பெற்றோருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்,

தெரிவுப் போட்டிகள் ஓகஸ்ட் 8, 9 (சனி, ஞாயிறு) இரண்டு நாளும் மெக்கெய்சர் மைதானத்தில் நடக்கும். அதற்கு முன் செவ்வாய் 4, வியாழன் 6 ஆகிய நாட்களில் ஏகாம்பரம் மைதானத்தில் பயிற்சி. மாலை 4.15க்கு வந்து சேர வேண்டும், 6 மணிக்கு விட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருப்பதாலும், மறுநாள் போட்டிக்குக் கால் ஓய்வாக இருக்க வேண்டியதாலும் அன்று பயிற்சி இல்லை.

சனிக்கிழமை காலை 6.00க்கு எல்லோரும் மைதானத்தில் நிற்க வேண்டும். 6.45க்கு ஆட்டம், பாதிக்கு 30 நிமிடம். இவ்வளவு நேரத்தோடு வைப்பதற்குக் காரணம் கச்சான் காற்று. ஒன்பது மணி தாண்டினால் பிள்ளைகளுக்கு ஓடவே மூச்சு இருக்காது. கிண்ணியா, நிலாவெளிப் பக்கமிருந்து வருபவர்கள் அந்த நேரத்து பஸ்ஸை நம்ப முடியாது, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓட்டோவில் வரப் பாருங்கள். ஞாயிறு காலை தேவாலயம், அறநெறி வகுப்பு என்று பலருக்கும் இருப்பதால் அன்று பின்னேரம்தான்: 3.45க்கு வரவு, 4.30க்கு ஆட்டம்.

ஆட்டம் தொடங்கிய பிறகு வருகிறவர் அன்று மைதானத்துக்குள் இறங்க முடியாது. ஒரு நாள் மட்டும்தான் வர முடியும் என்றால் வியாழனுக்குள் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

இனி உடுப்பு. பயிற்சிக்கு எந்த டீசேர்ட்டும் சரி. போட்டிக்கு வெள்ளை ஒன்று, கடும் நிறத்தில் ஒன்று என இரண்டையும் பையில் வையுங்கள், எந்தப் பக்கம் விளையாடுவீர்கள் என்பதை அங்கேதான் சொல்வேன். முழங்கால்வரை சொக்ஸ், உள்ளே ஷின்காட் கட்டாயம். ஷின்காட் இல்லாமல் யாரையும் இறக்க மாட்டேன், நடுவரும் விடமாட்டார். மழை இல்லாமல் தரை கல்லாகக் கிடக்கிறது. அதனால் இரும்பு ஸ்டட் வேண்டாம், கட்டை ரப்பர் ஸ்டட் உள்ள பூட்ஸ் போதும். புது பூட்ஸை முதன்முதலாகச் சனிக்கிழமை போட்டுக்கொண்டு வராதீர்கள். செவ்வாய்க்கிழமையே போட்டு ஓடிப் பாருங்கள், குதிக்கால் உரிந்தால் பயிற்சியில் உரியட்டும். பூட்ஸ் வாங்க வசதிப்படாதவர்கள் எனக்குத் தனியாக ஒரு கோல் எடுங்கள். பழைய சோடிகள் சில நல்ல நிலையில் இருக்கின்றன, அளவைச் சொன்னால் கொண்டுவருவேன்.

மோதிரம், செயின், கைச்சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் விதிப்படி விளையாட முடியாது. கோல்காப்பாளர்கள் சொந்தக் கையுறை கொண்டுவர வேண்டும்.

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். குளிர்பானப் போத்தல் தண்ணீர்க் கணக்கில் வராது. காலை வெறும் வயிற்றோடும் வேண்டாம், ஐந்து மணிபோல ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டுப் பாணும் போதும். இழுப்பு உள்ளவர்கள் பம்பை என் கையில் தந்துவிட்டு இறங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் போட்டோ பிரதியைச் சனிக்கிழமை தர வேண்டும்.

பெற்றோர் தாராளமாக வந்து பார்க்கலாம். கோட்டுக்கு வெளியே நின்று “அடிடா, அடிடா” என்று மட்டும் கத்தாதீர்கள். பந்தை யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளை தானே யோசிக்கிறானா என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன். 36 பேரில் 20 பேரை எடுப்பேன். பெயர்கள் திங்கள் இரவு இதே மின்னஞ்சலில் வரும். அதற்கு முன் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

வருவதை உறுதிப்படுத்தி, பிள்ளையின் பெயரோடு ஞாயிறு 2ஆம் திகதிக்குள் பதில் போடுங்கள்.

நன்றி.
பயிற்றுநர்