உங்கள் கம்பாசிட்டருக்கும் உங்களுக்கும் நன்றி

அன்புள்ள ஐயா,

வணக்கம். எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் உங்கள் நாவல் ஒரு வருடமாக எங்கள் வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை எழுதியவருக்கு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கணவர் வரலாற்று ஆசிரியர். வகுப்பில் பேசிவிட்டு வந்து வீட்டிலும் பேசுகிறவர். சென்ற வருடம் ஒருநாள் விடியற்காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கால் மெதுவாகத் திரும்பியது, இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. இதற்கு அஃபேசியா என்று பெயர் சொன்னார்கள். சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, அதற்கான வார்த்தை மட்டும் அகப்பட மாட்டேன் என்கிறது.

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது என் அக்கா. "பக்கவாதம் வந்த ஒரு கம்பாசிட்டரோட, அச்சு கோக்கிறவரோட கதை, படிக்க முடிஞ்சா படி, இல்லன்னா வெச்சிரு" என்றாள். முதல் அத்தியாயத்தைப் பயந்து பயந்துதான் படித்தேன். அந்தப் பெரியவர் மகளிடம் தண்ணீர் கேட்க முயல்கிற இடத்தில் நீங்கள் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொள்கிறீர்கள். உதடு குவிகிறது, வேறு ஏதோ ஒரு சொல் வெளியே வருகிறது, அது தப்பு என்று அவருக்கே தெரிகிறது, தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொடங்குகிறார். மகள் செம்பைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் எடுத்து நீட்டவில்லை, அவர் சொல்லட்டும் என்று நிற்கிறாள். எங்கள் ஸ்பீச் தெரபிஸ்டும் இதையேதான் சொல்லியிருந்தார்: அவசரப்படுத்தாதீர்கள், நீங்களே வாக்கியத்தை முடிக்காதீர்கள், டிவியை நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன். ஆனால் எதிரே உட்கார்ந்து காத்திருக்கிறவளுக்கு வயிற்றில் என்ன பிசையும் என்று அந்தத் தாளில் இல்லை, உங்கள் ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது.

ஒரு மாலை எங்கள் மகள் என் கணவருக்கு உங்கள் நாவலை வாசித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இப்போது தானாகப் படிக்கவும் கஷ்டம், வரிகள் கலைந்துவிடுகின்றன. அதனால் நாங்கள்தான் நிறுத்தி நிறுத்தி வாசிப்போம். எவ்வளவு புரிகிறது என்று எங்களுக்குத் தெரியாது. பார்க்க வருகிறவர்கள் அவர் எதிரிலேயே என்னிடம், "சொன்னா புரியுதா?" என்று கேட்பார்கள். சிலர் குழந்தையிடம் பேசுகிற மாதிரி உரக்கப் பேசுவார்கள். அன்றைக்கு மகள் கவனிக்காமல் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். அச்சகத்தில் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் எழுத்துப் பெட்டியைக் கீழே தள்ளிவிடுகிற காட்சி விட்டுப்போயிற்று. நேராக அடுத்த காட்சியில் பெரியவர் தரையில் உட்கார்ந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். இவர் இடது கையைத் தூக்கினார். "இல்ல, இல்ல" என்றார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒட்டியிருந்த தாளை நகத்தால் பிரித்து, அந்த இடத்தைத் தட்டினார். மகள் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். அதற்குப் பிறகு அவருக்குப் புரிகிறதா என்று யார் கேட்டாலும் அவளே பதில் சொல்லிவிடுகிறாள்: "அப்பாகிட்டயே கேளுங்க."

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எழுத்துப் பெட்டிக்கு முன்னால் கம்பாசிட்டரை உட்கார வைக்கிற அத்தியாயம். நாற்பது வருடம் பார்க்காமலே எழுத்தை எடுத்துப் பழகிய கை. வாய் போனாலும் இந்தக் கை பேசிவிடும் என்று மகள் நம்புகிறாள், படிக்கிற நானும் நம்பினேன். கோத்து முடித்ததை மை தடவித் தாளில் ஒற்றிப் பார்த்தால் எழுத்துகள் சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. பேச்சோடு எழுத்தும் பெரும்பாலும் சேர்ந்தே பாதிக்கப்படும் என்று தெரபிஸ்ட் எங்களிடம் சொல்லியிருந்தார், இவருக்கும் அப்படித்தான். அந்த இடத்தில் நீங்கள் ஓர் அற்புதத்தை நிகழ்த்தியிருந்தால் நான் புத்தகத்தை மூடிவைத்திருப்பேன். நீங்கள் நிகழ்த்தவில்லை. மகள் அந்தத் தாளைக் கிழிக்காமல் தேதி எழுதி அலமாரியில் வைக்கிறாள், அவ்வளவுதான். அதைப் படித்த பிறகுதான் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். அவர் சொல்கிற சொற்களையெல்லாம், தப்போ சரியோ, அதில் எழுதி வருகிறேன்.

அந்த நோட்டில் இருப்பதில் ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் 'எட்டு' வராது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினால் தடையே இல்லாமல் எண்ணிக்கொண்டு போவார். எட்டு வந்ததும் நிறுத்தி என் கையைப் பிடிப்பார். கிழமையும் அப்படித்தான், ஞாயிற்றிலிருந்து புறப்பட்டு வியாழனுக்கு வந்து சேருவார். பேச்சில் வராத சொல் பாட்டில் வந்துவிடுகிறது. வரிசையாக மனப்பாடமானதும் ராகத்தோடு வருவதும் மூளையில் வேறு வழியில் வருகின்றனவாம். உங்கள் கம்பாசிட்டர் அச்சகத்துப் பாட்டை முணுமுணுக்கும்போது சொற்கள் தெளிவாக விழுகின்றன என்று எழுதியிருந்தீர்களே, அதை வாசித்த அன்றுதான் பழைய பாட்டு ஒன்றை எடுத்துக்கொடுத்துப் பார்த்தோம். பல்லவி முழுவதும் பாடினார். வீட்டில் எல்லோரும் அழுதோம், அவரும்தான்.

மகள் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்க பொறுமை யாருக்கு வரும்" என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு களைப்பாக இருக்கிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? உங்கள் நாவலில் மகள் ஒரு மத்தியானம் கதவை அறைந்து சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவளை நீங்கள் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை, கொஞ்ச நேரம் உட்கார விட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் படி தேவைப்பட்டது. இப்போது வாரத்தில் ஒரு மாலை அக்கா வந்து அவரோடு இருக்கிறாள், நான் வெளியே நடந்துவிட்டு வருகிறேன். அக்காவிடம் அதைக் கேட்கிற தைரியம் எனக்கு உங்கள் புத்தகத்திலிருந்துதான் வந்தது.

நாவலில் அண்ணன் வெளியூரிலிருந்து எழுதுகிற கடிதங்கள் வரும் பகுதி மட்டும் என்னை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தவில்லை. அக்காவுக்கு அதுதான் பிடித்ததாம். முடிவைப் பற்றியும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு, கம்பாசிட்டர் முழுதாகக் குணமாகியிருக்கலாம் என்பது அவள் கட்சி. கடைசி அத்தியாயத்திலும் அவர் சொல் தேடிக்கொண்டுதான் இருக்கிறார், வீடு அதற்கேற்றபடி தன் வேகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. நான் உங்கள் பக்கம் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்றதும் இவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். எழுத்துப் பெட்டியைத் தள்ளிவிட்ட அந்தப் பையன் பாதி நாவலுக்கு மேல் வருவதே இல்லை அல்லவா? அவன் கடைசியாக வருகிற பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து, "எங்க?" என்றார். சொல் ஒரே முயற்சியில் வந்தது, நோட்டில் எழுதிவிட்டேன். எனக்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை ஐயா. அந்தப் பையன் எங்கே போனான் என்று அவருக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வாசித்துக் காட்டுகிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் வாசகி