கடன் தவணையை மாற்றியமைத்துத் தர வேண்டி

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தமடையில் கோரைப்பாய் நெசவுக்கூடம் நடத்துகிறேன். தங்கள் கிளையில் 12% வட்டியில், 60 மாதத் தவணைக்கு வாங்கிய 6 லட்சம் ரூபாய் கடனில், மாதம் 13,350 ரூபாய் வீதம் 28 தவணைகளைத் தவறாமல் கட்டினேன்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, இருப்பு வைத்த கோரையில் பூஞ்சை பிடித்துவிட்டது. அது பாய்க்கு உதவாது. அப்புறம் மொத்த வியாபாரி ஒருவர் தர வேண்டிய 1,85,000 ரூபாயும் வரவில்லை. அதனால்தான் கடைசி இரண்டு தவணைகள் நின்றன.

90 நாள் தாண்டி வாராக்கடன் ஆகும் முன்பே கேட்டுவிடுகிறேன். பாக்கி சுமார் 3,71,000 ரூபாயை 60 மாதமாக நீட்டி, தவணையை 8,300 ரூபாயாக்கித் தாருங்கள். இப்போதுள்ள விற்பனையில், நெய்யும் நான்கு பெண்களின் கூலியை நிறுத்தாமலே அதைக் கட்டிவிடுவேன். விற்பனைக் கணக்கு இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
நெசவுக்கூட உரிமையாளர், பத்தமடை