சரியும் ஏணி, வடியும் எண்ணெய், நீளும் நிழல்: மூன்று கணக்குகளுக்கு முழு விடை

சனிக்கிழமை வகுப்பில் நேரம் போதாமல் விட்ட மூன்று கணக்குகள் இவை. பள்ளியில் இதை கனெக்டட் ரேட்ஸ் ஆஃப் சேஞ்ச் என்று படிக்கிறீர்கள். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் அப்பா அம்மாவில் பலர் தமிழில் கணக்குப் படித்தவர்கள் என்பதால், அவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

கணக்கு 1. புளோக்கின் கீழ்த்தளத்தில் விளக்கு மாற்ற வந்தவர் 5 மீ ஏணியைச் சுவரில் சாய்த்திருக்கிறார். தரை ஈரம். ஏணியின் அடி சுவரை விட்டு நொடிக்கு 0.4 மீ வீதம் நகர்கிறது. அடி சுவரிலிருந்து 3 மீ தூரத்தில் இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்?

முதலில் படம் போடுங்கள். அடிக்கும் சுவருக்கும் உள்ள தூரம் x, உச்சியின் உயரம் y. இரண்டும் நேரத்தோடு மாறுகின்றன, மாறாதது ஏணியின் நீளம் மட்டும்தான். பிதாகரஸ் தேற்றப்படி:

```
x² + y² = 25
2x(dx/dt) + 2y(dy/dt) = 0
dy/dt = −(x/y)(dx/dt)
```

x = 3 என்றால் y = 4. இப்போதுதான் எண்களைப் போட வேண்டும்.

```
dy/dt = −(3/4)(0.4) = −0.3
```

உச்சி நொடிக்கு 0.3 மீ வீதம் இறங்குகிறது. குறைக்குறி வந்ததே என்று பயப்படாதீர்கள், உயரம் குறைகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

போன வாரம் திருத்திய தாள்களில் நான் அதிகம் பார்த்த தவறு, வகையிடுவதற்கு முன்பே x = 3 என்று போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் 9 + y² = 25 ஆகிவிடும், y ஒரு மாறிலி ஆகிவிடும், ஏணி அசையாமல் நின்றுவிடும்! 3 மீ என்பது ஒரு கணத்தின் படம்தானே, அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் அடி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

செகண்டரி 4 ஏ மேத்ஸ் மாணவர்கள் y = √(25 − x²) என்று எழுதி dy/dx கண்டுபிடித்து, சங்கிலி விதிப்படி dx/dt-ஆல் பெருக்கலாம். விடை அதேதான். மேலே இருக்கும் உள்ளார்ந்த வகையிடல் ஜேசி மாணவர்களுக்குக் கைவந்திருக்கும்.

தரைக்கும் ஏணிக்கும் உள்ள கோணம் θ என்ன வேகத்தில் மாறும் என்றும் கேட்பார்கள். cos θ = x/5, அதனால் −sin θ (dθ/dt) = 0.4/5. அந்தக் கணத்தில் sin θ = 4/5, ஆக dθ/dt = −0.1 ரேடியன்/நொடி.

இன்னொன்றையும் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. x = 4 ஆகும்போது வேகம் நொடிக்கு 0.53 மீ. y பூச்சியத்தை நெருங்க நெருங்க வேகம் எல்லையில்லாமல் ஏறுகிறது. உண்மை ஏணி அப்படி விழாது, அதற்கு முன்பே உச்சி சுவரை விட்டு விலகிவிடும், அதன்பின் நம் சமன்பாடு செல்லாது. சமன்பாடு எதுவரை செல்லும் என்று கேட்டுப் பழகுங்கள்.

கணக்கு 2. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைப் புனல் வழியாகப் போத்தலில் ஊற்றுகிறோம். கூம்பு வடிவப் புனலின் உயரம் 12 செ.மீ, மேல்வாய் ஆரம் 6 செ.மீ. ஊற்றுவதை நிறுத்தியபின் எண்ணெய் நொடிக்கு 3 கன செ.மீ வடிகிறது. ஆழம் 6 செ.மீ ஆகும்போது மட்டம் என்ன வேகத்தில் இறங்கும்?

இதில் r, h என்று இரண்டு மாறிகள் இருப்பதுதான் சிக்கல். ஒத்த முக்கோணங்களால் r/h = 6/12, அதாவது r = h/2. இதை வைத்து r-ஐ நீக்கிவிடுங்கள்.

```
V = (1/3)πr²h = πh³/12
dV/dt = (πh²/4)(dh/dt)
−3 = 9π(dh/dt)
dh/dt = −1/(3π) ≈ −0.106
```

நொடிக்கு ஏறக்குறைய 0.106 செ.மீ இறங்குகிறது. எண்ணெய் வடிவதால் dV/dt குறைக்குறியோடு வர வேண்டும், அதை விட்டால் மட்டம் ஏறுவதாக விடை வரும்.

கணக்கு 3. இரவில் பார்க் கனெக்டரில் 6 மீ விளக்குக் கம்பத்தை விட்டு 1.5 மீ உயரமுள்ள பாட்டி நொடிக்கு 1.2 மீ வேகத்தில் நடந்து போகிறார். நிழல் எவ்வளவு வேகமாக நீளும்? நிழலின் நுனி எவ்வளவு வேகமாக நகரும்?

கம்பத்திலிருந்து பாட்டி இருக்கும் தூரம் x, நிழலின் நீளம் s.

```
6/(x + s) = 1.5/s
4.5s = 1.5x
s = x/3
ds/dt = 1.2/3 = 0.4
```

நிழல் நொடிக்கு 0.4 மீ நீளுகிறது. நுனியோ கம்பத்திலிருந்து x + s தூரத்தில் இருக்கிறது, அதனால் அதன் வேகம் 1.2 + 0.4 = 1.6 மீ/நொடி. இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு, அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிடாதீர்கள். பாட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கணக்கில் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? தேவையே இல்லை, கம்பத்துக்குப் பக்கத்தில் நடந்தாலும் தள்ளி நடந்தாலும் விடை இதேதான்.