ஓலைச்சுவடிப் பாதுகாப்புக் கருத்தரங்கு, தஞ்சாவூர்: தொடக்கத்தில் புரவலர்களுக்கு நன்றி

அனைவருக்கும் காலை வணக்கம். வீட்டுச் சுவடிக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்திறங்கியிருக்கிறீர்களே, உங்களுக்கு முதல் வணக்கம்.

முதல் அமர்வுக்கு முன் ஐந்து நிமிடம் தாருங்கள். இந்த இரண்டு நாளுக்கும் யார் உதவினார்கள், எதற்கு உதவினார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் ஏட்டுப் பிரதி தந்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார். நம் புரவலர்களின் பெயர்கள் திரையில் இருக்கின்றன. அவர்கள் செய்ததை நான் சொல்கிறேன்.

பின்கூடத்தில் இருக்கும் மூன்று கேமராக்களும் விளக்குகளும் சென்னை மென்பொருள் நிறுவனம் வாங்கித் தந்தவை. ஏட்டைச் சூடாக்காத எல்.இ.டி. விளக்குகள்தான் வேண்டும் என்று கேட்டோம், தேடி வாங்கினார்கள். உங்கள் ஏட்டின் படங்கள் உங்களுக்கே. தங்களுக்கென்று பிரதி எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கிராமங்களிலிருந்து வந்தவர்களின் பயணச் செலவு முழுவதையும் கும்பகோணத்துச் சித்த மருந்துத் தயாரிப்பாளர்கள் ஏற்றிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பகுதி வீடுகளில் கிடைக்கும் ஏடுகளில் வைத்திய ஏடுகள் நிறைய. ஆகவே அவர்களுக்கு இதில் தொழில் அக்கறை உண்டு. முதல் பேச்சிலேயே அதை அவர்களாகவே எடுத்துச் சொன்னார்கள். அந்த நேர்மைக்குத் தனியாக நன்றி. எந்த ஏட்டையும் மற்றவர்களுக்கு முன்பாக அவர்கள் பார்க்கப் போவதில்லை. உங்கள் ஏட்டை யாருக்குக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். பயணப்படி வாங்கியதற்காக யாரும் எதற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்த குழுவிலும் புரவலர்கள் யாரும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கான அரிசி, மளிகை எல்லாம் மன்னார்குடி அரிசி ஆலைக்காரர் அனுப்பியது. மேடைக்கு வர மாட்டேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டு ஏடுகளை முன்னோர் ஓர் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிட்டார்களாம். என்ன ஏடுகள் என்றுகூட இப்போது யாருக்கும் தெரியாது. மற்ற வீடுகளில் மிஞ்சியிருப்பதாவது பிழைக்கட்டும் என்றுதான் உதவுகிறேன் என்றார். ஐயா, இருந்த இடத்திலேயே எங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிற்பகல் பயிற்சியில் ஏடுகளுக்குப் பூசும் எலுமிச்சைப்புல் எண்ணெய், தூரிகை, பருத்தித் துணி ஆகியவற்றை எங்கள் துறையின் முன்னாள் மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு பதிவு மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரவலர்களோடு பேச விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் பேசலாம். அரங்குக்குள் வேறு அறிவிப்பு எதுவும் இருக்காது.

சரி, முதல் அமர்வுக்குப் போவோம். பூச்சி அரித்த ஏடுகளை உடையாமல் பிரிப்பது எப்படி என்று செய்து காட்ட வந்திருப்பவரை மேடைக்கு அழைக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஏடு பறக்கும்.